மூன்று ஆச்சரியக்குறி போட்ட போர்டு

வணக்கம் மக்களே. போர்டு, நோட்டீஸ் எதைப் பார்த்தாலும் நின்று படம் எடுக்கிற என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஒரு கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்ததைப் படித்ததும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர்கள் உள்ளே வராதீர்கள்!!!" மூன்று ஆச்சரியக்குறி. அதிலும் மூன்றாவதைச் சிவப்பு மார்க்கரில் தடிப்பாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அச்சடித்து ஒட்டிய பிறகும் ஆத்திரம் அடங்காமல் ஒருவர் ஸ்டூலில் ஏறி அதை வரைந்திருக்கிறார்!

இதே விஷயத்துக்குப் பல நாட்டுக் கடைகளில் தொங்குகிற ஒரு போர்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். "கவனிக்க ஆளில்லாமல் திரியும் குழந்தைகளுக்கு ஒரு எஸ்பிரெஸோவும் ஒரு நாய்க்குட்டியும் இலவசம்." விதி ஒன்றுதான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் போர்டு, தப்பே செய்யாத பெற்றோரையும் எடுத்த எடுப்பிலேயே திட்டிவிடுகிறது. இதில் திட்டு வாங்க யாருமே இல்லை. தண்டனை என்று பார்த்தால் பிள்ளைக்குக் கொண்டாட்டம். தூங்காத பிள்ளையோடும் குரைக்கிற குட்டியோடும் வீட்டுக்குப் போகிற காட்சியைப் பெற்றோரே மனதில் ஓட்டிப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். மெக்ரா, வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் எழுதியதும் இதுதான்: ஏதோ ஒன்று வரம்பு மீற வேண்டும், கூடவே அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றும் தோன்ற வேண்டும், அப்போதுதான் சிரிப்பு வரும்.

கடுமையாகச் சொன்னால்தானே கேட்பார்கள் என்று கமெண்டில் எழுதுவீர்கள். கேட்கமாட்டார்கள். பென்னபேக்கர், சாண்டர்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1976-ல் கல்லூரிக் கழிப்பறைகளில் இரண்டு விதமான அறிவிப்பு வைத்துப் பார்த்தார்கள். "தயவுசெய்து சுவரில் எழுதாதீர்கள்" என்பது ஒன்று, "எக்காரணம் கொண்டும் எழுதக் கூடாது" என்கிற மாதிரி இன்னொன்று. கடுமையான அறிவிப்பில்தான் அதிகம் கிறுக்கியிருந்தார்கள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அன்றைக்கே கடைக்காரரிடம் பேசினேன். பாவம், ஒரு வாண்டு அலமாரியில் ஏறி அத்தனையையும் தள்ளிவிட்டதாம், அந்தக் கோபத்தில் எழுதியது. "ஒரு விசில் இலவசம்னு போடுங்க அண்ணா" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "தம்பி, பசங்க நிஜமாவே வந்து கேப்பாங்களே" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, இது எனக்குத் தோன்றவே இல்லை. செய்து காட்டக்கூடிய மிரட்டல் என்றால் அது மிரட்டலாகவே நின்றுவிடும், இல்லாவிட்டால் நிஜச் சலுகை ஆகிவிடும். கடைக்காரரால் கொடுக்கவே முடியாத பொருளாக இருக்க வேண்டும். அரைமணி நேரம் பேசினோம், யானைக்குட்டி வரைக்கும் போனோம், ஆனால் யானைக்குட்டி என்றதும் பெற்றோருக்குப் பயம் வரவில்லை, அது வீட்டுக்குள் வராது என்று தெரியும்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். "கவனிக்க ஆளில்லாமல் திரியும் குழந்தைகளுக்கு ஒரு டிரம் செட் இலவசம்." ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை.