ஒரே கல்யாணம், இரண்டு கேமரா, இரண்டு நிறம்: எதை எதோடு சேர்ப்பது?

வணக்கம் மக்களே. இன்று வெளியே எங்கேயும் போகவில்லை, நேராக எடிட்டிங் மேசைக்கே வந்துவிட்டேன். ஸ்கிரீனில் தெரிகிறது பாருங்கள், தக்கலைப் பக்கம் ஒரு சர்ச்சில் நடந்த கல்யாணம். எடுத்தது என் நண்பர், எடிட்டிங் மட்டும் நான். முகங்களை மங்கலாக்கித்தான் காட்டுகிறேன், வீட்டுக்காரர்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

பீடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கேமரா. அது பின்னால் நிறம் திருத்துவதற்காகவே படத்தைத் தட்டையாகப் பதிகிற சோனியின் S-Log3 என்ற லாக் முறையில் ஓடுகிறது, பத்து பிட், வொயிட் பேலன்ஸ் 5600K என்று பூட்டி வைத்திருக்கிறார். பின்னால் பாட்டுக்குழு நிற்கிற மாடியில் ட்ரைபாடில் இன்னொரு கேமரா. அது சாதாரண ஸ்டாண்டர்டு ப்ரொஃபைல், எட்டு பிட், வொயிட் பேலன்ஸ் ஆட்டோ. தாலி கட்டுகிற அதே நொடியை இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் சுவர் சாம்பல் பூசிய ஆரஞ்சு, இன்னொன்றில் பளிச்சென்று மஞ்சள் கலந்த வெள்ளை. கட் மாறும்போதெல்லாம் வேறு சர்ச்சுக்குள் போன மாதிரி இருக்கிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கேமராவை எந்தக் கேமராவோடு சேர்ப்பது என்பதுதான். நிறைய பேர் நல்ல கேமராவை அழகாக கிரேடு பண்ணிவிட்டு, சாதாரண கேமராவை அதோடு இழுத்துச் சேர்க்கப் பார்க்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். ஸ்டாண்டர்டு ப்ரொஃபைலில் எடுத்தது கேமராவுக்குள்ளேயே முடிவான படம். கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன், வொயிட் பேலன்ஸ் எல்லாம் அதில் ஏற்கெனவே ஊறிப்போய்விட்டது. எட்டு பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். அதைப் பிடித்து இழுத்தால் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவரில் வெளிச்சம் குறைந்துகொண்டே போகிற இடம் பட்டை பட்டையாக உடையும். பத்து பிட்டில் 1024 படிகள் இருக்கின்றன, லாக் என்பதால் வெளிச்சப் பகுதியிலும் விவரம் மிச்சம் இருக்கிறது. வளைகிறதைத்தான் வளைக்க வேண்டும். அதனால் மாடி கேமராதான் இங்கே இலக்கு, பீடத்து கேமராவை அதோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். மொத்தமாக அழகுபடுத்துவது எல்லாம் இரண்டும் ஒன்றான பிறகு, மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் கிளிப் போட்டு இரண்டுக்கும் சேர்த்து.

நான் பயன்படுத்துவது டாவின்ச்சி ரிசால்வ். பீடத்து கிளிப்பில் இரண்டு நோடு போடுகிறேன், ஒவ்வொரு நோடும் வரிசையாக நடக்கிற ஒரு திருத்தப் படி. இரண்டாவது நோடில், லாக் படத்தைச் சாதாரணத் திரைக்கான Rec.709 நிறத்துக்கு மாற்றுகிற Color Space Transform. உள்ளே வருவது இப்படி, வெளியே போவது இப்படி:

```
Input Color Space:  Sony S-Gamut3.Cine
Input Gamma:        Sony S-Log3
Output Color Space: Rec.709
Output Gamma:       Gamma 2.4
```

ஒரு விஷயம், சோனியின் நிற எல்லைகளில் S-Gamut3 வேறு, S-Gamut3.Cine வேறு. கேமராவில் எதை வைத்து எடுத்தார் என்று நண்பரிடம் கேட்டுத்தான் போட்டேன். மாற்றிப் போட்டால் சிவப்பும் பச்சையும் கொஞ்சம் இடம் மாறி நிற்கும், அப்புறம் எவ்வளவு திருகினாலும் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது முதல் நோடுக்கு வாருங்கள். மாற்றத்துக்கு முன்னால் இருக்கிற இந்த நோடில்தான் வெளிச்சத்தையும் வொயிட் பேலன்ஸையும் சரி பண்ண வேண்டும். லாக் படத்தில் Offset சக்கரத்தை நகர்த்துவது, உண்மையான ஒளியைக் கூட்டிக் குறைப்பதற்குச் சமம். லாக் அளவில் கூட்டுவது, ஒளி அளவில் பெருக்குவது. அதாவது கேமராவில் அப்பெர்சரையும் கெல்வினையும் அன்றைக்கே மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, கிட்டத்தட்ட அதுவே இங்கே நடக்கும். மாற்றத்துக்குப் பிறகு Gain பிடித்துத் திருகினால் வெளிச்சப் பகுதி சரியாகும், நிழலில் நிறம் தங்கிவிடும்.

சரி, எதைப் பார்த்துச் சேர்ப்பது? இங்கேதான் நிதானம் வேண்டும். இரண்டு கேமராவிலும் ஒரே நொடியில், ஒரே பொருள், ஒரே வெளிச்சத்தில் தெரிய வேண்டும். முகத்தைப் பிடிக்காதீர்கள். வீடியோ லைட் பிடிக்கிற தம்பி பீடத்துப் பக்கம் நிற்கிறார், அந்த வெளிச்சம் பக்கவாட்டு கேமராவுக்கு ஒரு மாதிரியும் மாடிக்கு வேறு மாதிரியும் தெரியும். மணப்பெண்ணின் வெள்ளைப் புடவை வசதியாகத் தோன்றும், ஆனால் மாடி கேமராவில் அது வெடித்துவிட்டது. நிறங்களின் அளவைக் காட்டுகிற ஸ்கோப்பில் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சியில் போய் முட்டி நிற்கின்றன. முட்டிய வெள்ளை எப்போதும் சுத்த வெள்ளையாகத்தான் காட்டும், அந்த இடத்தின் நிறம் என்ன என்று அது சொல்லவே சொல்லாது. அதை நம்பிச் சேர்த்தால் மொத்தப் படமும் தப்பான பக்கம் சாயும்.

நான் எடுத்தது பீட விரிப்பு. மேலே விரித்த பகுதி வேண்டாம், அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சமும் படுகிறது. முன்பக்கம் கீழே தொங்குகிற பகுதி. அது அசையாது, வெடிக்கவில்லை, இரண்டு கேமராவுக்கும் தெரிகிறது. போட்டோகிராபரின் ஃப்ளாஷ் விழாத ஃப்ரேமாகப் பார்த்து மாடி கிளிப்பில் ஒரு ஸ்டில் பிடித்துக் கேலரியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தத் துணியை மட்டும் பெரிதாக்கி, மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற Parade ஸ்கோப்பைப் பார்க்கிறேன். அளவு 0 முதல் 1023 வரை. மாடி கேமராவில் சிவப்பு சுமார் 640, பச்சை 630, நீலம் 600. லேசான மஞ்சள் சாயல். பீடத்து கேமராவில் சிவப்பு 700, பச்சை 620, நீலம் 510. சர்ச் விளக்குகள் எல்லாம் மஞ்சள் வெளிச்சம், கேமராவோ 5600K-ல் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டியது, அதனால் ஆரஞ்சாக வந்திருக்கிறது. முதலில் பச்சையைப் பாருங்கள். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதில் பெரும் பங்கு பச்சைக்குத்தான். Offset மொத்தத்தையும் துளி ஏற்றிப் பச்சையை 630-க்குக் கொண்டுவருகிறேன். அப்புறம் சிவப்பை மட்டும் இறக்கி, நீலத்தை மட்டும் ஏற்றி, 640, 600 என்று நிறுத்துகிறேன். மூன்றையும் சமமாக்கிச் சுத்த வெள்ளையாக்க வேண்டாம். மாடி கேமராவில் இருக்கிற அதே சாயல்தான் இங்கேயும் வேண்டும்.

அடுத்து நிழல். மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டைப் பாருங்கள், மாடி கேமராவில் அடியில் மூன்று நிறமும் சேர்ந்து கிடக்கின்றன, இங்கே நீலம் கொஞ்சம் மேலே மிதக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு நோடு போட்டு, Lift-ல் நீலத்தை மட்டும் இறக்குகிறேன். அதே நோடில் கான்ட்ராஸ்ட் துளி கூட்டினேன், ஸ்டாண்டர்டு ப்ரொஃபைல் இயல்பாகவே கொஞ்சம் முறுக்கானது.

இப்போது கேலரி ஸ்டில்லை Wipe போட்டுப் பாதி பாதியாகப் பார்க்கலாம். சுவர் சேர்ந்துவிட்டது, விரிப்பு சேர்ந்துவிட்டது. முகம் மட்டும் சேரவில்லை, தெரிகிறதா? பீடத்து கேமராவில் சற்று மஞ்சள், மாடியில் சற்று ரோஸ். வெள்ளை சேர்ந்துவிட்டால் எல்லா நிறமும் தானாகச் சேர்ந்துவிடாது. ஸ்டாண்டர்டு ப்ரொஃபைல் ஒவ்வொரு நிறத்தையும் தன் விருப்பத்துக்குத் திருப்பி வைக்கிறது, அந்தத் திருப்பம் வொயிட் பேலன்ஸில் அடங்காது. இதற்கு Hue vs Hue வளைவு. முகத்தில் கிளிக் செய்தால் ஆரஞ்சுப் பகுதியில் புள்ளி விழும், அதைத் துளி சிவப்புப் பக்கம் நகர்த்துகிறேன். வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. மாநிறமோ கறுப்போ சிவப்போ, நம் ஊர் முகங்கள் எல்லாமே அந்தக் கோட்டின் அருகில்தான் விழும், வெளிச்சமும் அடர்த்தியும்தான் மாறும். ஆனால் கோட்டின் மேல் கொண்டுபோய் உட்கார வைக்க முயலாதீர்கள், மேக்கப் போட்ட முகம் அங்கே உட்காராது. இரண்டு கேமராவிலும் ஒரே முகம் ஒரே திசையில் சாய்ந்தால் போதும்.

ஒரு ஃப்ரேம் சரியாகிவிட்டது. இதை அப்படியே பீடத்து கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் காப்பி பண்ணலாம், அது பூட்டிய கேமரா. தொல்லை மாடி கேமராவில். மணப்பெண்ணுக்கு மந்திரகோடிப் புடவை போர்த்துகிற இடத்துக்குப் போகிறேன். நண்பர் அங்கே ஜூம் பண்ணியிருக்கிறார், ஃப்ரேம் முழுக்கச் சிவப்புப் பட்டு. ஆட்டோ வொயிட் பேலன்ஸ் பயந்துபோய் நீலப்பச்சைப் பக்கம் இழுக்கிறது, பின்னால் சுவரைப் பாருங்கள், மெதுவாக நிறம் மாறுகிறது. அதே மாதிரி ஜன்னல் பக்கம் சாரல் மேகம் கடந்தாலும் மாறும்.

இதற்குக் கீஃப்ரேம் போடலாம், மாற்றம் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. ஆனால் அதற்கு முன்னால் எடிட்டைப் பாருங்கள். நிறம் நகர்கிற அந்த இடைவெளியில் பீடத்து கேமராவுக்குக் கட் பண்ண முடிகிறதா? முடிந்தால் அந்த மாற்றம் திரைக்கே வராது. திரும்பி வரும்போது மாடி கிளிப் தனித்துண்டு, அதற்கு மட்டும் அதே பீட விரிப்பை வைத்து லேசாகத் திருத்தினால் போதும். எட்டு பிட்டில் நான் அனுமதிக்கிற திருத்தம் அந்த அளவுதான். இந்தக் கல்யாணத்தில் பெரும்பாலான இடங்களை அப்படியே தாண்டிவிட்டேன். கீஃப்ரேம் போட்டது குருவானவர் ஆசீர்வதிக்கிற ஒரு நீண்ட ஷாட்டில்தான், அதை வெட்ட மனமில்லை.

மந்திரகோடியின் சிவப்பு மட்டும் முழுதாகச் சேராது. மாடி கேமராவில் சிவப்பு சேனல் முட்டிவிட்டது, ஜரிகைக்குப் பக்கத்தில் மடிப்பே தெரியவில்லை, ஒரே சிவப்புத் தகடு. லாக் கேமராவில் ஒவ்வொரு மடிப்பும் இருக்கிறது. அதைக் கெடுத்து இதோடு சேர்ப்பது அநியாயம். பட்டுப் புடவை பெரிதாகத் தெரிகிற ஷாட் எல்லாம் பீடத்து கேமராவிலிருந்தே எடுத்தேன், மாடி கேமராவை முழு சர்ச்சும் தெரிகிற அகல ஷாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அகல ஷாட்டில் அந்தப் புடவை நகத்தளவுதான், கண்ணுக்கு வேறுபாடு படாது.

அப்புறம், நிறம் எல்லாம் சேர்ந்தும் இரண்டும் வேறு கேமரா என்று தெரிந்தால் ஷார்ப்னெஸைப் பாருங்கள். ஸ்டாண்டர்டு ப்ரொஃபைல் கேமராவுக்குள்ளேயே ஓரங்களைக் கூர்மையாக்கிவிடும். மாடி கிளிப்பில் துளி மென்மை கொடுத்ததும் அடங்கிவிட்டது.

சரி பார்ப்பதும் நின்ற ஃப்ரேமில் வேண்டாம், ஓடவிட்டுக் கட் வருகிற இடங்களைப் பாருங்கள். மானிட்டரில் நைட் லைட் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கல்யாணத்தின் ரிசப்ஷன் மேடையில் ஊதா எல்இடி போட்டிருக்கிறார்கள். அது வேறு கதை. ஒரே ஒரு நிற வெளிச்சத்தில் பிடிப்பதற்கு வெள்ளையே கிடைக்காது, இந்த முறை அங்கே வேலை செய்யாது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன் மக்களே, பார்ப்போம்.