ஒளியை அடக்க முடியாத பாத்திரங்கள்: கபாலா உரைப்பதும் அதைக் கற்கத் தகுதியுடையோரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கபாலா என்றதும் நம்மில் பலருக்கு மேல்நாட்டுத் திரைக் கலைஞர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிவப்பு நூல்தான் நினைவுக்கு வருகிறது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றியன்று. யூதர்களின் மறைஞான மரபு கடவுளைப் பற்றியும் படைப்பைப் பற்றியும் என்ன சொல்கிறது, அதைக் கற்க ஏன் வயதும் தகுதியும் கேட்கப்பட்டன என்பவையே என் பொருள். இரண்டும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், முதல் கேள்வியின் விடையிலேயே இரண்டாவதன் விடையும் இருக்கிறது என்பது என் கருத்து.

மரபின் தலையாய நூல் சோஹர். அது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூத சமய ஆசான் ரபி சிமியோன் பார் யோகாயின் வாக்கு என்று பக்தர்கள் நம்புகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில் மோசே தெ லெயோனும் அவரைச் சார்ந்தோரும் அரமேய மொழியில் இயற்றியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்த நூலும் அதைச் சூழ்ந்த மரபும் கடவுளை இரண்டு நிலைகளில் பேசுகின்றன. ஒன்று, எய்ன் சோஃப்: முடிவற்றது, பெயரற்றது, எந்த எண்ணத்துக்கும் எட்டாதது. அதை நோக்கி மன்றாடுவதற்குக்கூட நம்மிடம் சொல் இல்லை. மற்றொன்று, அந்த முடிவின்மையிலிருந்து வெளிப்படும் பத்து செஃபிரோத்துகள். ஞானம், அருள், தண்டிக்கும் வன்மை, அழகு என்றெல்லாம் பெயர் பெற்ற இவற்றின் வழியாகவே கடவுள் உலகோடு உறவுகொள்கிறார். வேதத்தில் கடவுள் சினந்தார், இரங்கினார் என்று வரும் இடங்களையெல்லாம் கபாலா அறிஞர்கள் இந்தப் பத்தின் அசைவுகளாகவே வாசித்தார்கள்.

ஒரே கடவுளை உயிர்மூச்சாகக் கொண்ட சமயத்தில் இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய யூத அறிஞர்களும் அதையேதான் கேட்டார்கள். கலிலேயாவின் மலையூரான சஃபேதில் வாழ்ந்த மோசே கோர்தொவேரோ இதற்கு விடை தந்தார்: பல நிறக் கண்ணாடிகளின் வழியே பாயும் கதிரொளி பல நிறமாகத் தெரிந்தாலும் ஒளியில் நிறமாற்றம் எதுவும் இல்லை, வேறுபாடு பெறுபவரின் கண்ணுக்கே.

1570இல் கோர்தொவேரோ மறைந்தார். அதே ஆண்டில் எகிப்திலிருந்து சஃபேதுக்கு வந்து சேர்ந்தவர் ஈசாக்கு லூரியா. அங்கு அவர் வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1572இல் கொள்ளைநோயில், 38ஆம் வயதில் இறந்தார். அவர் தம் கைப்பட எழுதியது மிகச் சொற்பம். ஆயினும் அதன்பின் கபாலா என்று பேசப்பட்டதில் பெரும்பகுதி அவருடைய போதனையே.

லூரியா எழுப்பிய கேள்வி மிக எளியது. கடவுள் எல்லாவற்றையும் நிறைத்திருந்தார் என்றால், அவரல்லாத ஓர் உலகம் இருக்க இடம் ஏது? அவருடைய விடை இது: படைப்பின் முதற்செயல் வெளிப்படுதல் அன்று, உள்வாங்குதல். முடிவற்றவர் தம்மைத் தாமே ஒடுக்கிக்கொண்டு ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினார். இதற்கு சிம்சும் என்று பெயர். அந்த வெளிக்குள் ஒளி ஒரு கதிராக இறங்கியது. அதை ஏந்தப் பாத்திரங்கள் அமைந்தன. மேலிருந்த மூன்று பாத்திரங்கள் ஒளியைத் தாங்கின. கீழிருந்த ஏழும் தாங்காமல் நொறுங்கின. ஒளியின் பெரும்பகுதி மேலே மீண்டது. 288 பொறிகள் மட்டும் உடைந்த சில்லுகளோடு விழுந்து, ஓடுகளுக்குள் சிக்கிய பருப்பைப் போலப் பொருள்களுக்குள் அடைபட்டன. தீமை என்பது அந்த ஓடுகளே. அவற்றுக்குச் சொந்த உயிர் இல்லை. உள்ளே சிக்கிய பொறியை உறிஞ்சியே அவை நிலைக்கின்றன.

உடைந்ததைச் சீராக்கும் பணிக்குத் திக்குன் என்று பெயர். அதில் பெரும்பங்கை மனிதனிடம் ஒப்படைத்ததுதான் இந்தப் போதனையின் துணிச்சல். ஒரு யூதர் பழம் ஒன்றை உண்ணுமுன் “மரத்தின் கனியைப் படைத்தவர் போற்றப்படுக” என்று வாழ்த்துரை சொல்வது பழைய வழக்கம். லூரியாவைப் பின்பற்றுபவருக்கு அது நன்றியுரை மட்டுமன்று. அந்தக் கனிக்குள்ளும் ஒரு பொறி அடைபட்டிருக்கலாம். உரிய மனக்குவிப்போடு வாழ்த்துரை சொல்லி உண்டு, அந்த வலிமையைக் கொண்டு யூதர்களின் மறைநூலாகிய தோராவைக் கற்றால் பொறி தன் மூலத்துக்கு உயர்கிறது. கவனமின்றி விழுங்கினால் அது அங்கேயே கிடக்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வாழ்ந்த ஊரில், சிதறலும் நாடுகடத்தலும் கடவுளின் ஒளிக்கே நேர்ந்தவை என்ற பேச்சு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, கற்போர் யார் என்பதற்கு வருவோம். கடவுள் ஒடுங்கினார், பாத்திரங்கள் உடைந்தன என்று கேட்பவர், உண்மையில் ஓர் இடமும் ஒரு பாண்டமும் இருந்ததாகக் கற்பனை செய்துகொண்டால், இடமும் உருவும் இல்லாத கடவுளுக்கு அவர் உருவம் சமைத்துவிட்டார் என்று பொருள். சோஹரில் ஆண், பெண், திருமணம் என்ற உருவகங்களும் நிறைந்திருக்கின்றன. அச்சம் இங்கேதான் பிறக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கபாலா அறிஞர்களே இதில் பிளவுபட்டார்கள்: சிம்சும் உருவகமே என்றார் யோசேப்பு எர்காஸ்; சொன்னபடியே கொள்ள வேண்டும் என்றார் இம்மானுவேல் ஹாய் ரிக்கி.

எச்சரிக்கை பழையது. படைப்பின் மறைபொருளை இருவருக்கு ஒருசேர விளக்கலாகாது. இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட தேர்க்காட்சியை ஒருவருக்குக்கூட விளக்கலாகாது, அவர் தாமாக உணரும் அறிஞராக இருந்தாலன்றி என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. மிஷ்னாவின் விரிவுரையை உட்கொண்ட தல்மூத் ஒரு கதை சொல்கிறது: மறைஞானச் சோலைக்குள் நால்வர் நுழைந்தார்கள்; ஒருவர் இறந்தார், ஒருவர் சித்தம் கலங்கினார், ஒருவர் நெறி பிறழ்ந்தார், ரபி அக்கீவா மட்டுமே நலமாகத் திரும்பினார். லூரியாவின் சீடர் ஹாயிம் வித்தாலும் ஆசானின் போதனைகளைப் பூட்டியே வைத்திருந்தார். வித்தால் நோயுற்றுக் கிடந்தபோது சிலர் அவருடைய தம்பிக்குப் பணம் கொடுத்து ஏடுகளைப் பெற்று, மூன்று நாளில் படியெடுத்துக்கொண்டதாக ஒரு வழக்கு உண்டு.

பூட்டு உடைந்ததன் விளைவும் வரலாற்றில் இருக்கிறது. 1665இல் சபத்தாய் செவி என்பவரே மீட்பர் என்று காஸாவின் நாத்தான் அறிவித்தபோது, லூரியாவின் சொற்களே அதற்குக் கருவியாயின. மறு ஆண்டில் அந்த மீட்பர் ஒட்டோமான் சுல்தானின் முன் இஸ்லாத்தைத் தழுவினார். சிக்கிய பொறிகளை மீட்கவே அவர் ஓடுகளுக்குள் இறங்கினார் என்று நாத்தான் அதற்கும் விளக்கம் தந்தார். விலக்கப்பட்டதைச் செய்வதே புனிதம் என்ற குழுக்கள் பின்னர் தோன்றின. அவற்றுள் ஒன்றான யாக்கோபு ஃபிராங்கின் கூட்டத்தை எதிர்த்து, 1756இல் பிரோடி நகரில் கூடிய ரபிக்கள், 30 வயதுக்கு முன் சோஹரையும் 40 வயதுக்கு முன் லூரியாவின் போதனைகளையும் கற்கலாகாது என்று விதித்தார்கள். அந்த விதிப்படி லூரியா தம் போதனையையே கற்றிருக்க முடியாது!

பொதுவழக்கில், மணமான யூத ஆண், தல்மூத்திலும் சமயச் சட்டத்திலும் தேர்ந்த பின், ஆசானிடம் நேரில் கற்பது என்பதே முறையாயிற்று. பெண்களுக்கும் பிற சமயத்தவர்க்கும் கதவு மூடியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கெர்ஷோம் ஷோலெம் இதை வரலாற்று ஆய்வாக்கி, எந்த வாசகரும் அணுகும்படி செய்தார். மரபுக்குள்ளிருந்தே கதவைத் திறந்தவர் யெகுதா அஷ்லாக். எல்லா யூதரும் கற்க வேண்டும் என்று கருதி, சோஹர் முழுவதையும் எபிரேயத்தில் பெயர்த்து உரை எழுதினார். ஆனால் அவரும், பத்து செஃபிரோத்துகளைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில், கற்பவருக்கு ஒரு நிபந்தனையைக் கண்டிப்பாக வைத்தார்: இங்கே பேசப்படும் எதையும் உடலாகவும் உருவாகவும் எண்ணலாகாது, எண்ணினால் அது, செதுக்கிய உருவத்தை உனக்கு உண்டாக்கிக்கொள்ளாதே என்ற கட்டளையை மீறுவதாகும்.