டிசம்பர் 31-ல் லீவு லேப்ஸ் ஆயிடுமா?

[காட்சி: திருப்பூர் பனியன் கம்பெனி, பவர் டேபிள் வரிசை]

வணக்கமுங்க. டிசம்பர் கடைசி வாரம் கம்பெனிக்குள்ள ஒரு பேச்சு வரும்: "மிச்ச லீவ இப்பவே எடுத்துக்கோ, இல்லைன்னா லேப்ஸ்." சம்பளப் பட்டியல் போடற வேலையில இருந்தவன் நான். இந்தப் பேச்ச நம்பிக் காச விட்டவங்கள நிறையப் பார்த்திருக்கேன்.

முதல்ல ஒண்ணப் பிரிச்சுக்குவோம். கேஷுவல் லீவு கம்பெனி விதிப்படி வருஷத்தோட போயிடலாம். இ.எல்., அதாவது உழைச்சுச் சம்பாதிச்ச லீவு, அப்படியில்ல. அது சட்டம் குடுக்கறது.

[காட்சி: பலகையில் கணக்கு]

டெய்லர் அக்கா ஒருத்தர். ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். வருஷத்துல 280 நாள் வேலை. இருபது நாளுக்கு ஒரு நாள், ஆக 14 லீவு. போன வருஷத்து மிச்சம் 24. மொத்தம் 38. ரெண்டு நாள் எடுத்துட்டாங்க, மிச்சம் 36.

இதுல 30 நாள் அப்படியே அடுத்த வருஷத்துக்குப் போகும். மீதி 6?

1948 தொழிற்சாலைச் சட்டத்துல அந்த ஆறு போனதுதான். அதனாலதான் "லேப்ஸ்"ங்கற பேச்சே நிலைச்சு நின்னுச்சு. 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல, 30-க்கு மேல போன லீவக் காசா வாங்கிக்கலாம். ஆறு நாளுக்கு 3,600 ரூபாய். வருஷக் கடைசியில லீவுக்குக் காசு வேணும்னு தொழிலாளி கேட்டாலும் குடுக்கணும். ஆனா கேக்கணும். வாயில கேக்காதீங்க, எழுதிக் குடுங்க. இ.எல். வர்றதுக்கு வேண்டிய வேலை நாளும் 240-லிருந்து 180 ஆகியிருக்கு.

இன்னொண்ணு, இதுதான் நெறையப் பேர் கோட்டை விடறது. மாரியம்மன் நோம்பிக்கு நாலு நாள் கேக்கறீங்க. "ஷிப்மென்ட் இருக்கு, முடியாது"ங்கறாங்க. முறையாக் கேட்டு மறுத்த லீவுக்கு அந்த 30 நாள் வரம்பே கெடையாது. ஆனா சூப்பர்வைசர் வாய்வார்த்தையா மறுத்தா அதுக்கு சாட்சி ஏது? அதனால லீவு லெட்டரக் குடுக்கறதுக்கு முன்னால போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

[காட்சி: கணக்கு முடிக்கும் வவுச்சர்]

இப்ப அதே அக்கா அடுத்த வருஷம் 100 நாள் வேலை செஞ்சுட்டு நின்னுக்கறாங்க. "180 நாள் ஆகல, இந்த வருஷ லீவு இல்ல"ன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. தப்பு. வேலைய விட்டுப் போறப்ப அந்த நிபந்தனை பார்க்கக் கூடாது. 100 நாளுக்கு 5, பழசு 30, ஆக 35 நாள், 21,000 ரூபாய். தானா நின்னாலும், கம்பெனி நிறுத்துனாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுத்தாகணும். தொழிலாளி இறந்துட்டா, குடும்பத்துக்கு ரெண்டு மாசத்துக்குள்ள.

மேனேஜர் வேலையில இருக்கறவங்க இந்தச் சட்டத்துல "தொழிலாளி" ஆக மாட்டாங்க. அவங்களுக்கு அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர்ல எழுதியிருக்கறதுதான்.

[காட்சி: இரண்டு சம்பளச் சீட்டு பக்கம் பக்கமாக]

டிசம்பர் சீட்டையும் ஜனவரி சீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இ.எல். கட்டத்துல 36 இருந்து, ஜனவரியில 30 ஆகி, 3,600 ரூபாய் வரலைன்னா, அன்னைக்கே ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க.