பதில் எழுத வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாம்பன் பக்கம். கடலில் இறங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடல்பாசிகளை எடுக்கிற வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரரின் மூத்த தாரத்து மகளுக்கு, அவள் கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். "சொல்லுங்க, பேரை மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அதனால் அவள் பெயரும் வராது, அவளைப் பெற்ற தாயின் பெயரும் வராது.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா நோயில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னை எந்த முறை சொல்லியும் அவள் கூப்பிட்டதில்லை. மற்றவர்களிடம் பேசும்போது 'சித்தி' என்பாள். நேருக்கு நேர் 'இந்தாங்க' மட்டும்தான். சண்டை கிடையாது. சாப்பிடுவாள், சொன்ன வேலையைச் செய்வாள், படித்தாள், வேலைக்கும் போனாள். எங்களுக்கு நடுவில் ஒரு கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

போன வருஷம் வரன் அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், அவர் கரையில் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு தேதி வைத்தோம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். அதற்காகப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக வாங்க வேண்டும். அதில் பெற்ற தாயின் பெயர் இருக்கும்.

பிரச்சினை அங்கேதான் வந்தது. "பத்து வருஷமா வளர்த்தவ பேரைச் சேர்த்து வாசிச்சா என்ன?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். பத்திரிகையிலும் என் பெயரைத் தாய் என்றே போடலாம் என்றார்கள். என் மேல் அன்பு வைத்துத்தான் சொன்னார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரமே இல்லை, காலையில் நான் கழுவி வைத்ததையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது நான்கு பக்கம். 'உன்னை என் வயிற்றில் பிறந்த பிள்ளையாகத்தான் நினைத்தேன்' என்று ஆரம்பித்தேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, அந்த வரி அவள் தாயைத் தள்ளிவிட்டு என்னை உட்காரவைப்பதாகத் தெரிந்தது. அவள் என்னை ஏற்காததற்கு என் குணம் ஒன்றே காரணம் இல்லை. என்னை அம்மா என்று கூப்பிட்டால் செத்துப்போன அம்மாவை மறந்ததாக ஆகிவிடும் என்று ஒரு பிள்ளை பயப்படும். அந்தப் பயத்தைப் பாசம் காட்டிப் போக்க முடியாது. நெருங்க நெருங்க அது கூடத்தான் செய்யும்.

இரண்டாவது தடவை எழுதியதில் பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லியிருந்தேன். அவளுக்கு அம்மை போட்டபோது விழித்திருந்தது, பாசி விற்ற காசில் பீஸ் கட்டியது. அதுவும் கணக்கு நோட்டு மாதிரி இருந்தது. கடன் இவ்வளவு என்று நீட்டுவதும் திருப்பிக் கேட்பதுதானே. கிழித்துப் போட்டேன்.

ஒருநாள் விட்டு மூன்றாவதாக எழுதினேன். அவள் கல்யாணத்தில் எந்தெந்த இடத்தில் என்னால் அவளுக்குச் சங்கடம் வரும் என்று யோசித்து, அந்த இடங்களை மட்டும் எழுதினேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வந்த புதிதில் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அவள் அம்மாவின் பழைய சேலைகள் நான்கை எடுத்து வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கொடியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னிடம் கேட்கவில்லை. அதைப் பற்றி நானும் அதுவரை வாய் திறந்ததில்லை. கடிதத்தை வாசிக்கிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு.

"நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை, ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஓலையில் உன் அம்மா பெயரை மட்டும் வாசிக்கச் சொல்லி உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். பத்திரிகையிலும் காலஞ்சென்ற என்று போட்டு அவர்கள் பெயர்தான். இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், நீ யாரோடும் பேச வேண்டியதில்லை. கோயிலில் நான் இரண்டாவது பெஞ்சில் இருப்பேன். முதல் பெஞ்சில் உன் அம்மாவின் அக்கா உட்காரட்டும். போட்டோவுக்கு நீ கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் பந்தியைப் பார்த்துக்கொள்வேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். உன் அம்மாவின் கல்யாணச் சேலையும் குருசுச் சங்கிலியும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நான் தொட்டதில்லை. சாவி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அந்த நான்கு சேலையை உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. திருப்பி வாங்கப் போனேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, தப்பு என்று உனக்குத் தெரியச் சொல்கிறேன். என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்ற கவலை உனக்கு வேண்டாம். உன் கல்யாணத்தை இந்த வீட்டில் இருந்து பார்க்க எனக்கு ஆசை, அவ்வளவுதான். இதற்குப் பதில் எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம்."

ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. செல்லில் பேசி அனுப்பினால் சுலபம்தான். ஆனால் அதில் கேட்டுவிட்டாள் என்று எனக்குக் காட்டும், நானும் பதிலுக்குக் காத்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும். வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்பவும் மனசில்லை. அப்பா நீட்டினால் அப்பாவுக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டியிருக்கும். அதனால் மடித்து அவள் பைக்குள் வைத்தேன். முதல் ஓலைக்கு நாலு நாள் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி கொடுத்திருந்தால் அழுவதைத் தவிர அவளால் எதுவும் செய்திருக்க முடியாது. முன்னாலேயே கொடுத்ததால், பத்திரிகையோ பெஞ்சோ எதுவானாலும் மாற்றச் சொல்ல அவளுக்கு நாள் இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. படித்தாளா என்று முகத்தைப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் பதில் கேட்ட மாதிரி ஆகிவிடும். அந்த நாலு நாளும் விடிகிறதுக்கு முன்னாலேயே கடலுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். அவள் அம்மா பெயர் மைக்கில் வந்தபோது எனக்கு முன்னால் நின்ற அவள் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. வீட்டுக்கு வந்தபோது ஆணியில் சாவி இல்லை. சாயங்காலம் திரும்ப அங்கேயே தொங்கியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். அவள் பெரியம்மாவோடு போனாள், என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வலிகளைக் கடிதத்தில் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று என்றும் நினைத்தேன்.

கோயிலில் சொன்னபடி இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். அம்மாவின் சங்கிலியைப் போட்டிருந்தாள். போட்டோவுக்கு ஒருதரம் கூப்பிட்டாள், ஓரத்தில் நின்றேன்.

இப்போது தங்கச்சிமடத்தில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "இந்தாங்க, அப்பா மாத்திரை போட்டாரா?" என்றாள். போட்டார் என்றேன். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

வணக்கம்.