அந்த 4.7க்கு வெளியே நிற்பவர்கள்

“இலங்கை வங்குரோத்தாகிப்போன 2022இலேயே வேலையின்மை வீதம் நூற்றுக்கு 4.7தான். 2023இலும் அதே 4.7. பிறகு எதற்கு இன்னோர் எண்?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவர்.

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். நாட்டின் தொழில் நிலையைக் காட்ட வேலையின்மை வீதம் மட்டும் போதாது என்பதே எங்கள் அணியின் வாதம்.

அவர் சொன்ன எண் சரி. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட எண்தான் அது, அதில் கள்ளம் இருப்பதாக எங்கள் அணி சொல்லவில்லை. ஆனால் அவர் விட்டுவிட்ட இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். 2021இல் வேலையின்மை 5.1. 2022இல் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 7.3 சுருங்கியது. பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை, டொலர் இல்லாமல் மூலப்பொருள் வரவில்லை, கட்டட வேலைகள் பாதியில் நின்றன, அந்த ஆண்டிலே வேலையில்லாதவர் வீதம் 5.1இலிருந்து 4.7க்கு இறங்கியிருக்கிறது! பொருளாதாரம் படுத்த ஆண்டில் வேலையின்மை குறைந்தது என்று ஓர் எண் சொன்னால், அந்த எண் யாரை எண்ணுகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, “வேலை இல்லாத எல்லாரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள்” என்றார். பாதிதான் சரி, தம்பி. வேலை இல்லை என்பது மட்டும் போதாது. கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடி ஏதாவது செய்திருக்க வேண்டும், ஒரு வேலை கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் போகத் தயாராகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அவர் வேலையற்றவர் இல்லை, வேலையில் உள்ளவர்களும் இப்படி வேலையற்றவராக எண்ணப்படுபவர்களும் சேர்ந்த தொழிற்படைக்கே வெளியே போய்விடுகிறார். பெற்றோல் தட்டுப்பாட்டை வரிசையில் நிற்கிற மோட்டார்சைக்கிள்களை எண்ணி மட்டும் அளந்தால், மூன்று நாள் நின்று களைத்து உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் கணக்கில் வரமாட்டான், வரிசை குறைந்துவிட்டது என்றுதான் எழுதுவோம். அதே கதைதான் இங்கேயும்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறா. ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தா. 2022இல் ஓடர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது அவவையும் நிறுத்தினார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் வேறு தொழிற்சாலைகளுக்கு ஏறி இறங்கினா. அப்போது கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்திருந்தால் “வேலையற்றவர்” என்று பதிந்திருப்பார். அப்புறம் பஸ் கட்டணம் ஏறியது, பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை, கேட்ட இடமெல்லாம் “பிறகு வாங்கோ” என்றார்கள். கேட்பதையே விட்டுவிட்டா. வேலை வேண்டாம் என்று அவ ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் உத்தியோகத்தர் வந்திருந்தால், “நாலு வாரத்தில் எங்கேயாவது கேட்டீங்களா?” “இல்லை.” “என்ன செய்யிறீங்க?” “வீட்டில்தான்.” அவ்வளவுதான், “வீட்டு வேலை” என்ற பதிவோடு தொழிற்படைக்கு வெளியே. நாட்டின் வேலையின்மையில் ஒருவர் குறைந்தார்! அதற்குப் பிறகு கணவரின் சிறு கடையில் சம்பளம் எதுவும் இல்லாமல் சாமான் நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினா. அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் அப்படி நின்றாலே போதும், இப்போது அவ “வேலையில் உள்ளவர்”, ஊதியம் பெறாத குடும்பத் தொழிலாளி. தொழிற்சாலைச் சம்பளம் ஒரு சதமும் திரும்பி வரவில்லை, ஆனால் ஓர் ஆண்டுக்குள் மூன்று பெட்டிக்குள் இருந்துவிட்டா.

இனி முழு நாட்டையும் பாருங்கள். நெருக்கடிகளுக்கு முந்தைய 2019ஐயும் 2023ஐயும் பக்கத்தில் வையுங்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆன நூறு பேரில் 2019இல் 52.3 பேர் தொழிற்படையில் இருந்தார்கள், இதைத்தான் பங்கேற்பு வீதம் என்கிறோம், வேலையின்மை 4.8. 2023இல் தொழிற்படையில் 48.6 பேர், வேலையின்மை 4.7. எதிரணி வேலையின்மையை மட்டும் பார்க்கிறது, 4.8, 4.7, ஒன்றும் நடக்கவில்லை. சரி, வேலையில் இருந்தவர்களை எண்ணுவோம். 2019இல் நூறு பேரில் ஏறக்குறைய 50 பேர். 2023இல் 46 பேரைச் சற்றுத் தாண்டும். நூறுக்கு மூன்றரைப் பேர் வேலையிலிருந்து கழன்றிருக்கிறார்கள், ஆனால் வேலையற்றோர் பட்டியலில் அவர்கள் சேரவேயில்லை. ஏனென்றால் அந்த வீதத்தை எடுக்கும்போது கீழே வகுப்பது தொழிற்படையால். தேடுவதை விட்டு ஆள் வெளியே போனால் மேலேயும் குறைகிறது, கீழேயும் குறைகிறது, வேலை போனபோது ஏறிய விடை திரும்ப இறங்கிவிடுகிறது.

வெளியே போன அத்தனை பேரும் வேலை தேடிக்கொண்டே உள்ளே நின்றிருந்தால் 2023இன் வேலையின்மை பதினொன்றரை அளவில் வந்திருக்கும். அதுதான் உண்மையான வேலையின்மை என்று நான் சொல்லமாட்டேன், அது மேல் எல்லை. இங்கேதான் எதிரணித் தலைவரின் மறுப்புக்கு மதிப்புக் கொடுக்கிறேன், அவர் பொருளியல் படிப்பிக்கிறவர், வெறுமனே பேசவில்லை. பங்கேற்பு நல்ல காரணத்துக்காகவும் குறையும் என்றார். பிள்ளைகள் கூடுதல் காலம் படித்தால் குறையும், முதியோர் தொகை கூடினால் குறையும். உண்மை. இன்னொன்றை நானே சேர்க்கிறேன்: 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவுசெய்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் இங்கே வேலை செய்தவர்களோ தேடியவர்களோதான், அவர்கள் வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்தே விழுந்துவிடுவதால் மிஞ்சியவர்களில் பங்கேற்பு இறங்கத்தான் செய்யும். ஆனால் ஐயா, முதுமையும் படிப்பும் மெதுவாக நகர்கிற காரணங்கள். நாலே ஆண்டில் 3.7 புள்ளி சரிந்ததை அவற்றின் தலையில் மட்டும் கட்ட முடியாது. அப்படியே கட்டினாலும், எந்தக் காரணம் எவ்வளவு என்று விவாதிக்கவே நீங்கள் பங்கேற்பு வீதத்தைத்தானே கையில் எடுக்கிறீர்கள்? 4.7ஐ மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு வந்தே சேர முடியாது.

மூன்றாவதாகப் பேசிய ஐயா தன் மகனைப் பற்றிச் சொன்னார். பட்டதாரி, அரச நியமனத்துக்காகக் காத்திருக்கிறான், அரசாங்கம் வேலை தரவில்லை என்றார். தலைப்பு அதுவல்ல, ஆனாலும் அவர் மனவேதனை எனக்குப் புரிகிறது. அந்த மகன் எந்தப் பெட்டியில்? நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்ட மாதத்தில் வேலையற்றவன். நியமனம் வரும் என்று சும்மா இருந்த மாதத்தில் பெரும்பாலும் தொழிற்படைக்கு வெளியே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் டியூஷன் கொடுத்துக் காசு வாங்கினால் வேலையில் உள்ளவன். ஐயா, உங்கள் மகனின் கதையை எங்கள் அணிக்காகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

பங்கேற்பு வீதம் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. கடையில் நிற்கிற அந்த அக்கா பங்கேற்பையும் கூட்டிவிடுவா. ஆகவே சனத்தொகையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் கூலியில்லாமல், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் திணைக்களத்தின் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. தொழிற்படைக்கு வெளியே இருப்பவர்களில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பேர் பெண்கள் என்பதும் அதே அறிக்கையில்தான், பெண்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் வீட்டு வேலைக்கு. அவர்களில் எத்தனை பேர் எங்கள் ஒழுங்கை அக்காவைப் போலக் கேட்டுக் களைத்தவர்கள் என்பதை அந்த ஒற்றைச் சொல் காட்டாது.

எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். 2019இல் வேலையில் இருந்து 2023இல் இல்லாத அந்த மூன்றரைப் பேர் எங்கே என்று, 4.7ஐ மட்டும் வைத்து, அவர் இந்தச் சபைக்குக் காட்டட்டும். நன்றி.