வட்டத்தை அளந்தோம், வாஷ்பேசினைப் பார்க்கவில்லை

(லேப் டெக்னீஷியன்கள் கூட்டத்தில் பேசியதை, கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால், கொஞ்சம் சீர் செய்து தருகிறேன்.)

மேடையில் இருக்கும் டீன் அம்மா அவர்களே, வார்டை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நர்சிங் சூப்பிரண்டெண்ட் அம்மா அவர்களே, இந்த ஹாலையும் மதியச் சாப்பாட்டையும் ஏற்பாடு செய்த சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள், போன வருடம் ஒருத்தரை விட்டுவிட்டு ஆறு மாதம் பேச்சு வாங்கினேன்.

மூன்று விஷயம் பேசுகிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எர்டாபெனம், மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் கார்பபெனமேஸ் நொதியை உண்டாக்கும் கிருமியைச் சாதாரண லேபிலேயே கண்டுபிடிப்பது எப்படி, பாசிட்டிவ் வந்தால் வார்டில் என்ன நடக்க வேண்டும், மருந்துத் தேர்வு. பார்ப்போம், எத்தனை முடிகிறதென்று.

எங்கள் ஆத்தா ஒன்று சொல்லும்: ஊசி போகிற இடத்தைப் பார்ப்பான், உலக்கை போகிற இடத்தைப் பார்க்கமாட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

கதைக்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் முடிந்து ஒரு பெரியவர் எங்கள் ஐசியூவுக்கு வந்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ரெக்டல் ஸ்வாப் எடுப்பது வழக்கம், எடுத்தார்கள். புதன் மாலை. மறுநாள் மெக்காங்கி பிளேட்டில் வழவழப்பாக இளஞ்சிவப்புக் காலனிகள், கிளெப்சியெல்லா. டிஸ்க் வைத்தோம். வெள்ளி காலை எர்டாபெனம் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 17 மில்லிமீட்டர், மெரோபெனம் 24.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எர்டாபெனத்துக்கு 17 ரெசிஸ்டன்ட். மெரோபெனத்துக்கு 24 என்றால் அட்டவணைப்படி சென்சிடிவ்தான், 23 தாண்டிவிட்டது. அப்படியே அடித்து அனுப்பிவிடலாம். ஆனால் சென்சிடிவ் எல்லை வேறு, சந்தேகப்பட வேண்டிய எல்லை வேறு. மெரோபெனம் வட்டம் 28-க்குக் கீழே வந்தாலே நொதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டி. ஆக்ஸா-48 வகை நொதி இப்படித்தான், கார்பபெனத்தை மெதுவாகக் கொறிக்கும், அதனால் மெரோபெனத்தில் நல்ல பிள்ளை மாதிரி தெரியும். நம் ஊரில் என்.டி.எம் நொதியும் ஆக்ஸா-48 குடும்பமும்தான் அதிகம் பார்ப்பது, அதனால் எர்டாபெனம் டிஸ்க்கை விட்டுவிடாதீர்கள்.

சரி, நொதி இருக்கிறதா என்று பார்க்க எம்-சிம் சோதனை போட்டோம். இயந்திரம் எதுவும் வேண்டாம். 2 மில்லி டிரிப்டிக் சோய் பிராத்தில் ஒரு மைக்ரோலிட்டர் லூப் நிறையக் கிருமி, நன்றாகக் கலக்கி, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க்கை அதற்குள் மூழ்கவிட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம். நொதி இருந்தால் டிஸ்க்கில் உள்ள மருந்தைத் தின்றுவிடும். பிறகு டிஸ்க்கை லூப்பால் எடுத்து, ட்யூப் ஓரத்தில் அழுத்தி ஈரம் வடியவிட்டு, எதற்கும் அடங்கும் ஈ.கோலை 25922-ஐப் பூசிய பிளேட்டில் வைக்க வேண்டும். மறுநாள் வட்டம் 15 அல்லது அதற்குக் கீழே என்றால் பாசிட்டிவ், 19 அல்லது அதற்கு மேலே என்றால் நெகட்டிவ். நடுவில் 16 முதல் 18 வரை வந்து, வட்டத்துக்குள் ஊசிமுனைக் காலனிகள் இருந்தாலும் பாசிட்டிவ், இல்லாவிட்டால் இரண்டுங்கெட்டான்.

எங்களுக்கு வந்தது 17. உள்ளே காலனி ஒன்றும் இல்லை. மூன்று பேர் ஸ்கேலை வைத்து மாறி மாறி அளந்தோம், ஒருத்தர் 16 என்றார், ஒருத்தர் 17, இன்னொருத்தர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு 17 என்றார். சனிக்கிழமை மதியம், வீட்டுக்குப் போகிற நேரம், எல்லோருக்கும் கோபம். கடைசியில் வெள்ளிக்கிழமை டியூட்டி பார்த்த தம்பியைக் கேட்டால், தலையைச் சொறிகிறான். டீ நேரம், பஸ் நேரம் என்று டிஸ்க்கை இரண்டரை மணி நேரத்திலேயே எடுத்துவிட்டானாம். தின்பதற்கு நேரம் கொடுக்காமல் தட்டை எடுத்தால் மிச்சம் இருக்கத்தானே செய்யும்! அவனைத் திட்டினோம், அப்புறம் அவனே சனிக்கிழமை உட்கார்ந்து 4 மணி நேரமும் கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி போட்டான். பக்கத்திலேயே ஈ-சிம்மும், அதே பிராத்தில் அரை மோலார் ஈ.டி.டி.ஏ 20 மைக்ரோலிட்டர் சேர்த்து. ஈ.டி.டி.ஏ துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகம் இல்லாமல் என்.டி.எம் மாதிரி நொதி வேலை செய்யாது, அப்போது வட்டம் 5 மில்லிமீட்டராவது பெரிதாகும். ஞாயிறன்று எம்-சிம் 11, ஈ-சிம் 13. வித்தியாசம் 2-தான். அப்போ ஆக்ஸா-48 மாதிரியோ கே.பி.சி மாதிரியோ, துத்தநாகம் வேண்டாத நொதி ஒன்று இருக்கிறது. இரண்டில் எது என்று இந்தச் சோதனை சொல்லாது. இன்னொன்றும் கவனம்: என்.டி.எம்மும் ஆக்ஸாவும் ஒரே கிருமியில் இருந்தால், ஒன்று படுத்தாலும் மற்றது தின்றுகொண்டிருக்கும், ஈ-சிம் வித்தியாசம் காட்டாமல் போகலாம். ஈ-சிம் நெகட்டிவ் என்பதற்காக என்.டி.எம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அழகான வேலை. ஞாயிறு காலையே கம்ப்யூட்டரில் ரிசல்ட் ஏற்றியாயிற்று. வார்டுக்கு யாரும் போன் செய்யவில்லை. திங்கள் மதியம் ரவுண்ட்ஸில் ஒரு பி.ஜி டாக்டர் தற்செயலாகத் திறந்து பார்த்தார். ஊசிக்கு மூன்று ஸ்கேல், உலக்கைக்கு ஒரு போன் கூட இல்லை.

உண்மையில் எர்டாபெனம் 17 வந்த வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், சந்தேகம் என்ற அளவில். எம்-சிம் முடிவுக்குக் காத்திருந்து கவுன் போட ஆரம்பிக்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவருக்கு மருந்து எதுவும் வேண்டாம், குடலில் குடியிருக்கிறது, நோய் செய்யவில்லை. ஆனால் தனி அறை, இல்லையென்றால் ஓரக் கட்டில், தொடும்போது கையுறை கவுன், அவருக்கென்றே ஒரு ஸ்டெதஸ்கோப்பும் பி.பி கஃபும், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு ஸ்வாப். மாதக்கணக்கில் சுமப்பவர்கள் உண்டு, அதனால் வேறு இடம் அனுப்பும்போது கடிதத்தில் ஒரு வரி. வந்த இடத்துக்காரர்கள் எங்களுக்கு அதை எழுதவில்லை.

பக்கத்துக் கட்டில்களில் ஸ்வாப் எடுத்தோம், இரண்டு பேருக்கு பாசிட்டிவ். அவர்களில் ஒருவர் பெரியவருக்கு எதிர்ச் சுவரில் படுத்திருந்தவர். இருவருக்கும் பொதுவாக என்ன? தேடினால், கட்டில்களுக்கு நடுவில் ஒரு வாஷ்பேசின்! இதைத்தான் நான் நான்கு வருடமாகக் கத்துகிறேன், டீன் அம்மாவுக்குத் தெரியும், மூன்று மனு கொடுத்திருக்கிறேன். இங்கேயும் அதே கதைதான்: குழாய்த் தண்ணீர் நேராகச் சல்லடைத் துளைமேல் விழுகிறது, ஒரு மீட்டர் வரை தெறிக்கிறது, அந்த ஒரு மீட்டருக்குள்தான் ஊசி மருந்து கலக்கும் டிராலி நிற்கிறது. சக்‌ஷன் பாட்டிலையும் மிச்ச டிரிப்பையும் அதிலேயே கொட்டுகிறோம், குழாய்க்குள் படிந்திருக்கும் கிருமிப் பாசிக்கு அது தீனி. அந்தப் பழைய இடத்துப் பேசினில் ஸ்வாப் எடுத்தோம், அதே ஆன்டிபயாகிராம் கொண்ட கிளெப்சியெல்லா. மரபணு வகை பார்க்கவில்லை, ஆகவே ‘அங்கிருந்துதான் வந்தது’ என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், பெரியவரிடமிருந்து பேசினுக்குப் போயிருக்கலாம். பிளீச்சிங் ஊற்றினார்கள், சில வாரத்தில் திரும்ப வளர்ந்தது. உள்ளே படிந்த பாசி அப்படி.

என் கோரிக்கை இதுதான்: கை கழுவும் பேசினில் கையை மட்டும் கழுவுங்கள், கொட்டுவதற்கு வேறு இடம் கட்டித் தாருங்கள், டிராலியை ஒரு மீட்டர் தள்ளுங்கள், குழாயின் வாய் துளைக்கு நேராக இல்லாமல் பார்த்து மாட்டுங்கள். நாலாவது மனு இதோ, மேடையிலேயே தருகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். மருந்துத் தேர்வு அப்படியே நிற்கிறது, சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பழைய இடத்து வாஷ்பேசின் கடைசியில் கழற்றப்பட்டது, எட்டு மாதம் கழித்து. இரண்டரை மணி நேரத்தில் டிஸ்க்கை எடுத்த தம்பிதான் இப்போது அங்கே பாசிட்டிவ் வந்ததும் முதலில் போனை எடுக்கிறவன், வார்டு நம்பர் அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.