பிராட்காஸ்ட்ல போற மெசேஜ் ஒருத்தருக்கு எழுதின மாதிரி இருக்கணும்

ஓடுதா? ஓடுது. சரி, இன்னைக்கு மாவு, ஓவன் எதுவும் கிடையாது. இன்னைக்கு ஃபோன் வேலை மட்டும்தான். வீட்டுல சாப்பாட்டுப் பொருள் செஞ்சு விக்கிற நாம வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல ஒரு மெசேஜ் போடுறோமே, அதை எப்படி எழுதுறதுன்னு பேசலாம்.

முதல்ல என் பழைய மெசேஜ் ஒண்ணைப் படிக்கிறேன். சிரிக்காதீங்க.

"வணக்கம் அன்பு வாடிக்கையாளர்களே!!! உங்கள் அனைவரின் பேராதரவோடு இந்த வாரமும் சுவையான, தரமான, ஆரோக்கியமான வீட்டுத் தயாரிப்புகள்!!! நாளை மட்டுமே!!! முந்துங்கள்!!!"

இதுல நான் என்ன விக்கிறேன்னு சொல்லுங்க பார்ப்போம். தெரியாது. எத்தனை மணிக்குள்ள சொல்லணும்? தெரியாது. எங்க வந்து எப்ப வாங்கணும்? அதுவும் இல்ல. ஆச்சரியக்குறி மட்டும் ஒரு கிலோவுக்கு இருக்கு.

இந்த மெசேஜ் அவங்க ஃபோன்ல எப்படித் தெரியும்னு நான் யோசிக்கவே இல்ல. பிராட்காஸ்ட்னா நமக்குத்தான் அது ஒரு லிஸ்ட். வாங்குறவங்களுக்கு அது நம்மளோட தனி சாட்லதான் வந்து உக்காரும். லிஸ்டுல வேற யாரெல்லாம் இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, பதில் போட்டாலும் நமக்கு மட்டும்தான் வரும். ஒருத்தங்க போன வாரம் "பிரட் நல்லா இருந்துச்சு, பாட்டிக்கு ரொம்பப் பிடிச்சுது"ன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு நேர் கீழ "அன்பு வாடிக்கையாளர்களே!!!"ன்னு என் மெசேஜ் போய் விழுந்திருக்கு. நேத்து வீட்டு வாசல்ல நின்னு பேசினவங்க இன்னைக்கு மைக் பிடிச்சுக் கத்தினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும். ஸ்பேம் மாதிரி தெரியறதுக்கு நாம எத்தனை தடவை அனுப்புறோம்ங்கறது ஒரு காரணம்தான், ஆனா அதை விட இந்தக் கூட்டத்துக்குப் பேசுற குரல்தான் பெரிய காரணம்னு எனக்குத் தோணுது.

அதனால இப்ப ஒரே விதி வச்சிருக்கேன். எழுதும்போது ஒரு ஆளை மனசுல நினைச்சுக்குவேன். "நண்பர்களே", "அனைவருக்கும்", "உங்கள் அனைவரின்" எல்லாத்தையும் தூக்கியாச்சு.

இந்த வாரம் அனுப்பினதைப் படிக்கிறேன், திரையிலயும் போடுறேன்.

*சனி 14: கோதுமை பிரட், 12 மட்டும்*
ஒண்ணு 400 கிராம். கோதுமை, பால், வெண்ணெய், வால்நட் இருக்கு. முட்டை இல்ல.
விலை: (உங்க விலை)
வேணும்னா வெள்ளி மதியம் 12 மணிக்குள்ள சொல்லுங்க. அன்னைக்கு சாயங்காலம் மாவு பிசைஞ்சிடுவேன்.
சனி காலை 10–12, இல்லன்னா மாலை 5–7 வந்து வாங்கிக்கலாம்.
எத்தனை, எந்த நேரம்னு மட்டும் போட்டா போதும். உதாரணம்: 2 மாலை
இந்த மாதிரி மெசேஜ் வேண்டாம்னா "வேண்டாம்"னு போடுங்க, எடுத்துடறேன்.

அவ்வளவுதான். வணக்கம் கூட இல்லையேன்னு கேப்பீங்க. எனக்கும் முதல்ல கூச்சமாதான் இருந்துச்சு. ஆனா ஃபோன் பூட்டியிருக்கும்போது நோட்டிஃபிகேஷன்ல பெரும்பாலும் முதல் சில வரிதான் தெரியும். அந்த இடத்தை வணக்கத்துக்கும் பேராதரவுக்கும் கொடுத்துட்டா, மெசேஜைத் திறந்தாத்தான் விஷயமே தெரியும். வேண்டாதவங்களையும் திறக்க வைக்கிறோம், கடுப்பு அங்கதான் ஆரம்பிக்குது. என்னைக்கு, என்ன, எத்தனை, இந்த மூணும் முதல் வரியிலயே இருந்தா வேண்டாதவங்க திறக்காமலே தள்ளிட்டுப் போகலாம். அதுவும் ஒரு மரியாதைதான்.

"நாளை"ன்னு எழுதுறதை அடியோட விட்டுட்டேன். நான் வியாழக்கிழமை ராத்திரி அனுப்புறேன், ஒருத்தங்க வெள்ளிக்கிழமை காலையில படிக்கிறாங்க. அவங்களுக்கு நாளைன்னா சனி, நான் சொன்ன நாளை வெள்ளி. இதுல ஒரு தடவை ஒருத்தங்க வீடு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனாங்க. அதுல இருந்து கிழமையும் தேதியும் சேர்த்துத்தான்.

"12 மட்டும்"னு போடுறது வியாபார தந்திரம் இல்லையான்னு ஒரு அக்கா கேட்டாங்க. பொய்யா இருந்தா தந்திரம்தான். என் ஓவன்ல ஒரு தடவைக்கு 4 டின் நிக்கும், சனிக்கிழமை காலையில என்னால 3 ஈடுதான் போட முடியும், அதனால 12. இந்த எண்ணை ஒவ்வொரு வாரமும் போட்டுட்டு, பதிமூணாவது ஆளுக்கு "உங்களுக்காகச் செஞ்சு தரேன்"னு சொன்னீங்கன்னா அடுத்த வாரம் உங்க 12-ஐ யாரும் நம்ப மாட்டாங்க. அதே மாதிரி வெள்ளி 12 மணின்னு சொல்லும்போது மாவு பிசையற காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன் பாருங்க. காரணம் இல்லாத கெடு மிரட்டுற மாதிரி இருக்கும். காரணம் இருந்தா அவங்களே புரிஞ்சுக்குவாங்க.

அந்தப் பொருள் வரியைத் தயவுசெய்து விட்டுடாதீங்க. "ஆரோக்கியமான"ங்கற வார்த்தையை நானும் விரும்பித்தான் போட்டுட்டிருந்தேன், ஆனா அதுல தகவல் இல்ல. வால்நட் ஒத்துக்காத குழந்தை இருக்கற வீட்டுக்கு "வால்நட் இருக்கு"ங்கறது தகவல். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, எள், மத்த நட்ஸ், சோயா, இதெல்லாம் நிறைய பேருக்கு ஒத்துக்காத பொருள். இருந்தா பேர் சொல்லி எழுதணும். இன்னொண்ணு, இந்த வாரப் பொருள்ல நட்ஸ் போடலைன்னாலும், அதே கிண்ணத்துலயும் டின்லயும் நட்ஸ் கையாளுறோம்னா அதையும் ஒரு வரி சொல்லணும். "நட்ஸ் இல்ல"ன்னு மட்டும் எழுதினா அது முழு உண்மை இல்ல. நீளமான மெசேஜை வாட்ஸ்அப் பாதியில மடிச்சு Read more-னு காட்டும், இந்த வரி அந்த மடிப்புக்குக் கீழ போயிடக்கூடாது. அதனாலதான் அதை ரெண்டாவது வரியா வச்சேன்.

கொட்டை எழுத்து பத்தி ஒரு சின்ன விஷயம். வரிக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரக்குறி போட்டா தடிமனா வரும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டா தடிமன் ஆகாது, நட்சத்திரம் அப்படியே தெரியும். முதல் வரிக்கு மட்டும் போதும். எல்லாமே தடிமன்னா எதுவுமே தடிமன் இல்ல.

இருங்க, யாரோ கூப்பிடுறாங்க... இல்ல, பக்கத்து வீட்டுக்கு.

சரி, படம். போஸ்டர் மாதிரி டிசைன் பண்ணி, விலை, நேரம் எல்லாத்தையும் படத்துக்குள்ளயே எழுதி அனுப்புறாங்க நிறைய பேர். எனக்கு அது பிடிக்கல. சனிக்கிழமை காலையில "எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?"ன்னு சாட்ல தேடினா படத்துக்குள்ள இருக்கற எழுத்து கிடைக்காது. போன வாரம் நீங்களே சுட்ட பிரட்டை ஜன்னல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து, விவரத்தை அதுக்குக் கீழ எழுத்தா போடுங்க. இன்னொரு தடவை என்ன ஆச்சுன்னா, எங்க அக்கா பொண்ணு அழகா ஒரு போஸ்டர் செஞ்சு எனக்கு அனுப்பினா. நான் அதை அப்படியே லிஸ்டுக்குத் தள்ளி விட்டேன். எல்லார் ஃபோன்லயும் மேல Forwarded-னு விழுந்துடுச்சு. சொந்தக் கையால செஞ்ச பிரட், யாரோ அனுப்பின குட் மார்னிங் படம் மாதிரி போச்சு. கேலரியில சேமிச்சுட்டு, அங்க இருந்து புதுசா எடுத்து அனுப்பினா அந்த ஒட்டு வராது.

இப்ப முக்கியமான ஒண்ணு. பிராட்காஸ்ட் மெசேஜ், நம்ம நம்பரைத் தன் ஃபோன்ல சேவ் பண்ணி வச்சவங்களுக்குத்தான் போகும். ஒரு லிஸ்டுல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா சேர்த்ததாலயே போய்ச் சேராது. என் லிஸ்டுல 84 பேர். அனுப்பின மெசேஜை அழுத்திப் பிடிச்சு Message info பார்த்தா, யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சு, யார் படிச்சாங்கன்னு பேரோட வரும். எனக்கு 61 பேருக்குத்தான் போயிருந்துச்சு. மீதி 23 பேர்ல சிலர் ஃபோனை அணைச்சு வச்சிருக்கலாம், சிலர் பிளாக் பண்ணியிருக்கலாம். ரெண்டு மூணு வாரமா அதே பேர்கள் விடுபட்டா பெரும்பாலும் சேவ் பண்ணலைன்னு அர்த்தம். படிச்சவங்க கணக்கை ரொம்ப நம்பாதீங்க, நீல டிக்கை அணைச்சு வச்சவங்க அதுல வர மாட்டாங்க.

இதை நான் குறையா பார்த்துட்டிருந்தேன், இப்ப இதுதான் நல்லதுன்னு தோணுது. பிரட் பையைக் கையில கொடுக்கும்போது சொல்றேன், "நம்பரை சேவ் பண்ணிக்கிட்டீங்கன்னா வாரத்துக்கு ஒரு மெசேஜ் வரும், வேண்டாம்னா சேவ் பண்ணாதீங்க." சம்மதம் அங்கயே முடிஞ்சுது. அந்த 23 பேரையும் லிஸ்டுல இருந்து எடுத்துட்டேன். ஒவ்வொருத்தருக்கா தனியா மெசேஜ் போட்டு "சேவ் பண்ணுங்க"ன்னு துரத்தாதீங்க. கேக்காத பல பேருக்கு ஒரே நாள்ல போட்டு, அவங்க பிளாக், ரிப்போர்ட்னு அழுத்த ஆரம்பிச்சா உங்க நம்பரையே வாட்ஸ்அப் முடக்கிடலாம். ஆர்டர் எல்லாம் அந்த நம்பர்லதான் இருக்கு, பார்த்துக்கோங்க.

"2 மாலை"ன்னு பதில் போடச் சொன்னது என் வசதிக்கும்தான். முன்னாடி "எனக்கும் வேணும்"னு மட்டும் வரும். எத்தனைன்னு நான் கேட்டு, எப்பன்னு கேட்டு, அவங்க ராத்திரி பதில் போட்டு... இப்ப ஒரே வரியில வருது. நான் "2 பிரட், சனி மாலை 5–7, எழுதிக்கிட்டேன்"னு திருப்பிப் போடுறேன். இந்த உறுதி வரி போகாத வரைக்கும் அது ஆர்டர் இல்லன்னு எனக்கு நானே வச்சிருக்கற கணக்கு.

வெள்ளிக்கிழமை காலையில 3 பிரட்டுக்கு இன்னும் ஆர்டர் வரலைன்னா என்ன பண்றது? கை துறுதுறுங்கும், "இன்னும் 3 மட்டுமே"ன்னு இன்னொரு பிராட்காஸ்ட் தட்டணும்னு. வேண்டாம். ஏற்கனவே ஆர்டர் போட்டவங்களுக்கும் அது போகும். அதை ஸ்டேட்டஸ்ல போடுங்க. பார்க்கணும்னு நினைக்கிறவங்க தானா வந்து பார்ப்பாங்க.

"வேண்டாம்"னு போட்டவங்க விஷயம். ஒருத்தங்க போட்டாங்க, நான் "சரிங்க"ன்னு பதிலும் போட்டுட்டு எடுக்க மறந்துட்டேன். அடுத்த வியாழன் மறுபடியும் போயிடுச்சு. அவங்க திட்டவும் இல்ல, ஒண்ணும் சொல்லல, அதுக்கப்புறம் அவங்க படமும் எனக்குத் தெரியல. இப்ப அந்த வார்த்தை வந்தா கையில மாவு இருந்தாலும் துடைச்சுட்டு, லிஸ்டைத் திறந்து முதல்ல பேரை எடுத்துட்டு அப்புறம்தான் "எடுத்துட்டேங்க"ன்னு பதில் போடுறேன். ஏன்னு கேக்கறதில்ல.

இன்னைக்குக் காலையிலயும் ஒண்ணு வந்திருக்கு. கேமராவை அணைச்சுட்டு அதைத்தான் பார்க்கப் போறேன்.